நாலாவது பாக்கெட்

எனக்குப் பயம் வந்தால் முதலில் காது சிவக்கும். அடுத்து பசிக்கும். வயிறு நிறைந்ததும் யாரையாவது சந்தேகப்பட ஆரம்பித்துவிடுவேன். இத்தனை வயதில் இந்த வரிசை ஒருமுறைகூட மாறியதில்லை. அன்று காலை போனில் வந்த புகாரைப் படித்ததும் காது சிவந்தது. எழுந்து போய் நாலு இட்லி கேட்டேன். அப்போதே என் மனைவிக்குத் தெரிந்திருக்க வேண்டும், இன்று யாருக்கோ கெட்ட நேரம் என்று.

நாங்கள் ஆன்லைனில் கருவாடு விற்கிறோம். வீடு பழவேற்காட்டுக்குப் பக்கத்தில் ஏரியை ஒட்டிய குப்பத்தில். என் மனைவியும் அவள் தங்கையும் மீன் வாங்கி, சுத்தம் செய்து, காயவைத்து, பாக்கெட் போடுவார்கள். நான் போனையும் பழைய லேப்டாப்பையும் வைத்துக்கொண்டு நடு அறையில் உட்கார்ந்திருப்பேன். படகு என்ஜின் ரிப்பேர் பார்த்து இடுப்பு போன பிறகு எனக்கு வாய்த்த உத்தியோகம் இது. யாராவது கேட்டால் 'ஆன்லைன் பிசினஸ்' என்பேன். மனைவியைக் கேட்டால், "எங்க ஊட்டுக்காரு போனை நோண்டினுகிறாரு" என்பாள். ரெண்டும் ஒன்றுதான்.

புகார் இதுதான்: "நாலு பாக்கெட்டுக்குப் பணம் கட்டினேன். மூன்று சரியாக இருக்கிறது. நாலாவதைப் பிரித்து முக்கால்வாசியை எடுத்துவிட்டு மறுபடியும் ஒட்டியிருக்கிறார்கள். வெட்கமாக இல்லையா?" கூடவே ஒரு போட்டோ. எங்கள் கவர், எங்கள் லேபிள். உள்ளே அடியில் ஒரு பிடி நெத்திலி. மேலே வெறும் காற்று.

இது முதல் புகாரும் இல்லை. இதற்கு முன்பும் "குறைவாக வந்தது" என்று ஒரு சிலர் எழுதியிருந்தார்கள். வாடிக்கையாளர் என்றால் குறை சொல்லத்தான் செய்வார் என்று தள்ளிவிட்டிருந்தேன். ஆனால் அன்று மதியம் விற்பனைத் தளத்திலிருந்தே மெயில் வந்தது. அளவு குறைவு என்ற புகார்கள் தொடர்ந்தால் அந்தப் பொருளின் பக்கத்தை நிறுத்திவைப்போம் என்று மரியாதையாக எழுதியிருந்தார்கள். மரியாதையாக வரும் மிரட்டலுக்குத்தான் எனக்குப் பயம் அதிகம். காது மறுபடி சிவந்தது. மதியச் சாப்பாடு இரண்டு முறை ஆயிற்று.

பிறகு சந்தேகம்.

முதலில் கூரியர்காரர்மேல். பைக்கில் வந்து பெட்டிகளை எடுத்துக்கொண்டு பொன்னேரிக்குப் போவார். வரும்போதெல்லாம் மூக்கை உறிஞ்சி, "இன்னாண்ணே, வாசனையே சோறு கேக்குது" என்பார். அதுவரை அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டிருந்தேன். இப்போது வாக்குமூலமாகக் கேட்டது. அடுத்த முறை அவர் வந்தபோது டேப் ஒட்டிய இடத்தில் பேனாவால் ஒரு கிறுக்கல் போட்டு வைத்தேன். யாராவது பிரித்து ஒட்டினால் கிறுக்கல் கோணும்.

அவர் அதை உடனே பார்த்துவிட்டார். "இன்னாண்ணே இது, தாயத்தா?"

"பார்சல் பத்திரமா போய்ச் சேரணும்னு வேண்டுதல்," என்றேன்.

"அப்போ ஒவ்வொன்னுத்துக்கும் போடுண்ணே. ரோடு மோசமாக் கீது."

அந்தப் பெட்டி போய்ச் சேர்ந்த வீட்டிலிருந்தும் புகார் வந்தது. அந்த வீட்டு அம்மா பிரிப்பதற்கு முன்பே பெட்டியையும் போட்டோ எடுத்து அனுப்பியிருந்தார். கிறுக்கல் கொஞ்சமும் கோணவில்லை. உள்ளே நாலாவது பாக்கெட் பழையபடி முக்கால்வாசி காலியாகக் கிடந்தது.

அப்படியென்றால் திருட்டு பெட்டி மூடுவதற்கு முன்பே நடக்கிறது. என் வீட்டுக்குள்ளே.

வீட்டில் பாக்கெட் போடுவது இரண்டு பேர். ஒருத்தி என் மனைவி. அவளைச் சந்தேகப்படும் துணிச்சல் எனக்கு இல்லை. அது பயத்தின் வரிசையிலேயே வராது. மிச்சம் என் மச்சினி.

அவளுக்கு இந்த வேலை சும்மா கிடைத்தது இல்லை. அதற்கு முன்பு விடியற்காலையில் பஸ் ஏறி பொன்னேரிப் பக்கம் ஒரு கம்பெனிக்குப் போய் நின்றபடியே வேலை பார்த்து, இருட்டிய பிறகு வீட்டுக்கு வருவாள். கால் வீங்கி, ஒரு நாள் பஸ் ஸ்டாண்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். என் மனைவிதான், "இனிமே எங்கேயும் போவாதே, இங்கேயே பேக்கிங் பண்ணு" என்று கூட்டிவந்தாள். இது போனால் அவள் திரும்பவும் அந்த பஸ்ஸில்தான் ஏற வேண்டும். எனக்கு அது நன்றாகத் தெரியும். தெரிந்தும் சந்தேகப்பட்டேன். பயந்தவனுக்கு மூளை வேலை செய்யாது என்பார்கள். எனக்கு அது ஓவர்டைம் பார்க்கும், தப்பான திசையில்.

அவள் வீட்டுக்குப் போகும்போது தோளில் ஒரு பை தொங்கும். அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருநாள், "பை கனமாக் கீதே, நான் தூக்கினு வர்ட்டா?" என்று கேட்டேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நான் யார் பையையும் தூக்கியதில்லை.

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "மாமா, ஒடம்பு கிடம்பு சரியில்லையா?"

பையை எட்டிப் பார்த்தேன். டிபன் பாக்ஸ், ஒரு சீப்பு, மழைக்கு ஒரு பிளாஸ்டிக் கவர். நெத்திலி இல்லை. ஆனால் சந்தேகக்காரனுக்கு இல்லாததும் ஆதாரம்தான். எவ்வளவு சாமர்த்தியமாக ஒளித்திருக்கிறாள் பார் என்று தோன்றியது.

அடுத்து அவர்கள் பாக்கெட் போடும் அறைக்கு வெளியே, ஐஸ் பெட்டிக்குப் பின்னால் குந்திக்கொண்டு வேவு பார்த்தேன். ஏதோ திருகாணியைத் தேடுவதுபோல் பாவனை. அவர்கள் என்னைக் கவனித்த மாதிரியே தெரியவில்லை. மச்சினி தராசில் கவரை வைப்பாள், நிரப்புவாள், முள் போன்ற ஒரு நெத்திலியை எடுத்துப் போட்டு நூறு கிராம் சரிபார்ப்பாள், சூடு வைத்து ஒட்டுவாள். ஒன்று, இரண்டு, மூன்று. பிறகு நாலாவது கவரை எடுத்தாள். அதைத் தராசில் வைக்கவே இல்லை! கையால் ஒரு பிடி அள்ளிப் போட்டு ஒட்டிப் பெட்டிக்குள் தள்ளினாள். என் மனைவி பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு யாரோ பெண் வீட்டுக்காரர்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள். கண்ணெதிரே கொள்ளை, அவளுக்குப் பேச்சு.

எனக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. எழுந்திருக்க முடியவில்லை. ஐஸ் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நிமிர்வதற்குள் அவர்கள் அடுத்த பெட்டிக்குப் போய்விட்டார்கள்.

அன்று மத்தியானம் மச்சினி கடைக்குப் போயிருந்தபோது மனைவியிடம் மெதுவாக ஆரம்பித்தேன்.

"ஏமே, பேக்கிங்குக்கு வேற யாரையாவது வச்சுக்கலாமா?"

"ஏன்?"

"இல்ல, உன் தங்கச்சிக்கும் கஷ்டம். காலு வலி."

"காலு வலின்னுதானே இங்க கூட்டினு வந்தேன்." அவள் கையிலிருந்த கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். "இன்னாய்யா விஷயம்? நேராச் சொல்லு."

சொன்னேன். அவள் முகம் போன போக்கைப் பார்த்து, சொன்னதில் பாதியைத் திருப்பி விழுங்கப் பார்த்தேன். முடியவில்லை.

"என் தங்கச்சி திருடுறாளா? ஒரு புடி நெத்திலியா?"

"நான் பார்த்தேன்."

"சரி. அவ வரட்டும். அவ எதிர்லயே காட்டு. காட்டிட்டேன்னா நானே அனுப்பிடறேன். காட்டலைன்னா நீ இந்த ஊட்ல இன்னா சாப்புடறேன்னு நான் பார்க்கிறேன்."

என் பயத்தின் இரண்டாம் கட்டத்தையே அவள் கையில் எடுத்துவிட்டாள். பின்வாங்க வழியில்லை.

மச்சினி வந்ததும், ஒட்டித் தயாராக இருந்த ஒரு பெட்டியைத் தூக்கி மேஜைமேல் வைத்தேன். கத்தியால் டேப்பைக் கிழித்தேன். துப்பறியும் அதிகாரிபோல் கொஞ்சம் இடைவெளி விட்டேன். உண்மையில் மூச்சு வாங்கியது. தராசை இழுத்துவைத்து ஒவ்வொரு பாக்கெட்டாக வைத்தேன். கவரின் எடையோடு சேர்த்து நூறும் கொஞ்சமும். இரண்டாவதும் அதே. மூன்றாவதும் அதே. நாலாவது வைத்தேன். இருபது சொச்சம்.

"பார்த்தீங்களா?" என்றேன். குரல் உடைந்தது, எதிர்பார்த்த கம்பீரம் வரவில்லை.

இருவரும் தராசைப் பார்த்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள்.

"இன்னாத்த பார்க்கணும் மாமா?" என்றாள் மச்சினி.

"நாலாவது பாக்கெட்டு!"

"அது கொசுறு மாமா."

எனக்கு ஒரு விநாடி ஒன்றும் புரியவில்லை. "இன்னா கொசுறு?"

"கொசுறு தெரியாதா? கருவாடு வாங்கறவங்களுக்கு அளந்து மட்டும் குடுத்தா நல்லாவா இருக்கும்? ஒரு புடி மேல போடறோம். முன்னே பேப்பர்ல மடிச்சுப் போட்டோம். பேப்பர்ல சாப்புடற பொருளைக் கட்டக் கூடாதுன்னு அக்கா சொல்லிச்சு. கவருலயே போடறோம்."

"அப்போ இது?" என்று போனை நீட்டினேன். அதுதான் என் கடைசி ஆயுதம். எங்கள் கருவாடு இருக்கும் பட்டியலைத் திறந்து, தலைப்பை உரக்கப் படித்தேன். "நெத்திலி கருவாடு, நூறு கிராம், நாலு பாக்கெட்டு! எழுதி இருக்குதா இல்லையா? நாலு நூறு நானூறு. நானூறு கிராம் போகணும். முன்னூறு சொச்சம்தான் போகுது!"

மனைவி போனை வாங்கித் தலைப்பைப் பார்த்தாள்.

"எழுதினது யாரு?" என்றாள் என் மனைவி.

நான்தான். அந்தக் கணத்தில்தான் ஞாபகம் வந்தது, ஏரித் தண்ணீர் மேலே வந்து வீட்டுக்குள் நுழைவதுபோல் மெதுவாக, நிறுத்த முடியாமல்.

அந்தத் தலைப்பு எழுதிய நாளில் மற்ற விற்பனையாளர்களின் பக்கங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லோரும் 'மூணு பாக்கெட்' என்று போட்டிருந்தார்கள். மனைவி பக்கத்தில் நின்று, "கொசுறு போடறோம்ல, அதையும் எழுதுய்யா" என்றாள். எனக்குப் பொறி தட்டியது. மூன்றும் கொசுறு ஒன்றும் நாலுதானே! 'நாலு பாக்கெட்' என்று எடுத்த எடுப்பிலேயே போட்டு, தலை நீக்கியது, மணல் இல்லாதது, வெயிலில் காய்ந்தது, பழவேற்காடு ஸ்பெஷல் என்று ஒரு ரயில் நீளத்துக்கு எழுதி, கடைசிப் பெட்டியாக '3 + கொசுறு 1' என்று இணைத்தேன். நேர்மையாகச் சொல்லிவிட்டோம் என்று பெருமைப்பட்டேன். பொருள் விவரத்தில் எத்தனை எண்ணிக்கை என்று கேட்கும் கட்டத்திலும் நாலு என்றே போட்டேன். போட்டோவுக்கு மட்டும் கவர் தட்டையாக இருந்தால் அழகில்லை என்று நாலையும் முழுசாக நிரப்பி நிற்கவைத்தேன். எடுத்து முடித்ததும் ஒன்றை நாங்களே குழம்பு வைத்துவிட்டோம்.

போனில் பட்டியலைப் பார்க்கிறவருக்கு ரயிலின் கடைசிப் பெட்டி தெரியாது; தலைப்பு நீளமானால் தளமே வெட்டிவிடும். 'நெத்திலி கருவாடு 100 கிராம் 4 பாக்கெட்', அதற்குப் பிறகு மூன்று புள்ளி. அந்தப் புள்ளிகளுக்குள் கொசுறு மறைந்து கிடந்தது. தினமும் அதே புள்ளிகளைப் பார்த்துப் பார்த்து, எழுதிய நானே நாலு முழுப் பாக்கெட் என்று நம்பிவிட்டேன். ஊரில் யாரையும் ஏமாற்றத் தெரியாதவன், என்னை ஏமாற்றியிருக்கிறேன். அதுவும் இலவசமாக.

எங்கள் கரையில் கருவாடு வாங்குகிறவர் தானாகவே கையை நீட்டிக் கொசுறு கேட்பார். அதை யாரும் எண்ணிக்கையில் சேர்ப்பதில்லை. எங்கோ ஒரு அடுக்குமாடியில் பெட்டியைப் பிரிக்கிறவருக்கு அது கொசுறு இல்லை. பணம் கட்டி வாங்கிய நாலாவது பாக்கெட். அதில் யாரோ கை வைத்திருக்கிறார்கள். அவர் சந்தேகப்பட்டதில் என்ன தப்பு? என் கையெழுத்தில் சந்தேகப்படச் சொல்லியிருக்கிறேன்.

நான் சிரிக்க ஆரம்பித்தேன். வழக்கமாக நான் சிரித்தால் வீடே சிரிக்கும். அன்று மச்சினி சிரிக்கவில்லை. தராசையும் பிரித்த பெட்டியையும் என் கையிலிருந்த கத்தியையும் வரிசையாகப் பார்த்தாள்.

"அதுக்குத்தான் பையை நான் தூக்கறேன்னியா மாமா?"

கத்தியை மேஜைமேல் வைத்தேன்.

அவள் கைகளைக் கழுவினாள். பையை எடுத்தாள். வாசலில் அதைத் திறந்து கவிழ்த்துக் காட்டினாள். சீப்பு விழுந்தது. குனிந்து எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் அவள் வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை. மனைவி தனியாக உட்கார்ந்து பாக்கெட் போட்டாள், என்னிடம் பேசவில்லை. சோறு வந்தது, குழம்பு வந்தது, மீன் துண்டு வரவில்லை. கேட்டால், "மூணு புள்ளிக்குள்ள தேடு" என்றாள்.

நான் தளத்தின் உதவி எண்ணுக்குப் பேசினேன். தலைப்பைத் திருத்தினால் போதும் என்று நினைத்திருந்தேன். பேசிய பெண் அமைதியாக விளக்கினாள். "சார், நாலுன்னு வித்த பக்கத்தை மூணுன்னு மாத்தக் கூடாது. நாலு பாக்கெட்னு வாங்கினவங்களோட விமர்சனம் எல்லாம் அதுல இருக்கு. எண்ணிக்கை மாறினா அது வேற பொருள். புதுப் பக்கம் போடுங்க."

"அப்போ என் நட்சத்திரம்?"

"புதுசா வாங்கணும் சார்."

ஒவ்வொன்றாகச் சேர்த்த நட்சத்திரங்கள். ஒரு நிமிடம் துக்கம் அனுஷ்டித்துவிட்டுப் பழைய பக்கத்தை மூடினேன். புகார் செய்தவர்களுக்குப் பணத்தைத் திருப்பினேன். புதுப் பக்கத்துக்கு உட்கார்ந்தேன். தலை நீக்கியது, மணல் இல்லாதது எல்லாவற்றையும் கீழே விவரத்துக்குத் தள்ளினேன். பழவேற்காடு ஸ்பெஷலை மட்டும் கடைசியாகத் தள்ளினேன்.

எழுதியதை யாரிடமாவது காட்டிச் சரிபார்க்க வேண்டும். மனைவி பேசமாட்டாள். வேறு வழியில்லாமல், அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், மச்சினி வீட்டுக்கு நடந்தேன்.

அவள் வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். கொடியில் கம்பெனிக்குப் போட்டுப் போகும் நீலச் சட்டை தொங்கியது. துவைத்து ஈரம் சொட்டிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் நான் தயார் செய்து வந்திருந்த ஜோக்குகள் எல்லாம் மறந்துபோயின.

"போகப் போறியா?"

"திங்கக்கெழமை வரச் சொல்லியிருக்காங்க."

"காலு?"

"காலு இருக்குது. அதையும் எடை போட்டுப் பார்க்கணுமா?"

போனை நீட்டினேன். "இதைப் படி. கருவாடு வாங்க வந்தவ மாதிரி படி. உனக்கு இன்னா வரும்னு சொல்லு."

அவள் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள். படித்தாள். "நெத்திலி கருவாடு, மூணு பாக்கெட்டு, ஒவ்வொன்னும் நூறு கிராம், மொத்தம் முன்னூறு கிராம்." நிமிர்ந்தாள். "இவ்ளோதானா? மிச்சம் எங்க?"

"மிச்சம் இல்ல."

"போட்டோவுல?"

"மூணுதான். கட்டத்துலயும் மூணு."

"கொசுறு?"

"எழுதல. நீ போட்டா போடு, போடாட்டி போ. சொன்னாத்தானே எண்ணுவாங்க."

அவள் திரும்பவும் படித்தாள். "சின்ன கவருல போடணும். அதே கவருல போட்டா திரும்பவும் நம்மளத்தான் திருடின்னு சொல்லுவாங்க. மேல கொசுறுன்னு ஒட்டணும்."

"ஒட்டு."

"நான் எங்க ஒட்டறது? நான்தான் வேலைக்குப் போறேனே."

"தப்பு பண்ணிட்டேன்," என்றேன். ஜோக் இல்லாமல் நான் பேசியது அவளுக்கும் எனக்கும் சங்கடமாக இருந்தது. இருவரும் நீலச் சட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

அவள், "நெத்திலியும் எறாவும் சேர்த்து ஒரு செட்டு போடறோமே, அதுல இன்னா எழுதியிருக்கே?" என்று கேட்டாள்.

எனக்குக் காது சிவந்தது. "கருவாடு காம்போ, ரெண்டு."

"ரெண்டுன்னா? ரெண்டு வகையா, ரெண்டு ரெண்டா?"

"ஒவ்வொன்னுல ஒன்னு."

"அதை எழுது முதல்ல. நெத்திலி ஒரு பாக்கெட்டு இத்தினி கிராமு, காஞ்ச எறா ஒரு பாக்கெட்டு இத்தினி கிராமுன்னு. இங்கியே எழுது. நான் படிச்சுப் பார்த்துட்டு அனுப்பறேன்."

வாசல் படியிலேயே குந்தி எழுதினேன். அவள் பின்னால் நின்று சொல்லச் சொல்ல அழித்து எழுதினேன். முடித்தபோது அவள் கொடியிலிருந்து சட்டையை எடுத்துப் பிழிந்து வேறு இடத்தில் போட்டாள். மழை வந்தால் நனையட்டும் என்பதுபோல், வெளியே வேலியில்.

திங்கட்கிழமை அவள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். ஒரு நிபந்தனையோடு: இனிமேல் எந்தத் தலைப்பும் அவள் படிக்காமல் போகக் கூடாது. ஒப்புக்கொண்டேன். என் மனைவி அன்றைக்கு எனக்கு மீன் துண்டு வைத்தாள்.

புதுப் பக்கத்தில் அளவு குறைவு என்று இதுவரை யாரும் எழுதவில்லை. ஒருவர் மட்டும், "நான் ஆர்டர் செய்யாத சின்னப் பாக்கெட் ஒன்று வந்திருக்கிறது. வேறு யாருடையதோ தவறி வந்துவிட்டதா? திருப்பி அனுப்பணுமா?" என்று கேட்டிருந்தார். படித்ததும் காது சிவந்தது. எழுந்து அடுப்பங்கரைக்குப் போனேன்.

மச்சினி எனக்கு முன்பாகவே தட்டோடு நின்றாள். "மாமா, இட்லி நாலு. ஒவ்வொன்னும் முழுசு. மொத்தம் நாலு. எண்ணிக்கோ."

எண்ணினேன். நாலுதான். அவள் திரும்பிப் போகும் வழியில் பாத்திரத்திலிருந்து இன்னொரு இட்லியை எடுத்துப் பிய்த்து அரை இட்லியை என் தட்டில் போட்டுவிட்டுப் போனாள்.

அது என்ன என்று நான் கேட்கவில்லை.